வேண்டுமென்றே ஏற்றிய சிவப்பு

தொண்டி ஜுவைரியா என்றால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அவளுடைய ஹெட்போன். முக்காட்டுக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு, வயிற்றோடு மிக்ஸர் பையைக் கட்டிக்கொண்டு, கையில் மைக் கம்போடு கடற்கரை மணலில் அவள் நடந்து வந்தால், கொக்கரிக்கிற கோழிகூட அடங்கிவிடும். அப்படி ஒரு முறைப்பு. நான் பாண்டீஸ்வரன். ராமநாதபுரத்தில் எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கரையில் எடுக்கப்படும் பாதிப் படங்கள் என் மேசைக்குத்தான் வரும். கல்யாணம், விளம்பரம், ஆவணப்படம் எல்லாம் பார்த்தவன். அவளைப்போல் சுத்தமாக ஒலி கொண்டுவருகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதில் பாரபட்சம் உண்டா என்றால், உண்டு. எனக்கு அவளைப் பிடிக்கும், படமெடுக்கிற நவ்ஷாத்தைப் பிடிக்காது.

அவள் வாப்பா கொழும்பு வியாபாரம் நொடித்தபின் தோஹாவுக்குப் போனவர். மகள் மதுரையில் படித்து டீச்சராக வருவாள் என்று நினைத்தார். அவள் விஸ்காம் படித்து, சென்னையில் ஒலிப்பதிவாளர் ஒருவரிடம் வேலை பழகி, ஊருக்குத் திரும்பினாள். உம்மா அழுதார். வாப்பா மட்டும் அடுத்த விடுமுறையில் நல்ல ஹெட்போனாகப் பார்த்து வாங்கி வந்தார். அதுதான் அந்த ஹெட்போன்.

அவளுடைய வேலையில் ஒரே ஒரு வேதம் உண்டு. ஒலி, மைக்கிலிருந்து கடைசிக் கோப்பு வரை பல படிகள் ஏறி வருகிறது. ஒவ்வொரு படியிலும் ஒலியை ஏற்றும் அளவு, கெயின் என்பது, சரியாக இருக்க வேண்டும். முதல் படியில் கூடிப்போனதைக் கடைசிப் படியில் குறைத்துச் சரிசெய்ய முடியாது. ஒலி தாங்கமுடியாத உயரத்துக்குப் போனால் அலையின் உச்சி வெட்டுப்படும். அதைத்தான் கிளிப்பிங் என்பது, எங்கள் பாஷையில் சவுண்டு கிழிவது. புதிதாக வருகிற பையன்களிடம் அவள் சொல்வாள்: "கொளம்புல உப்பு கூடிப்போச்சுன்னா கரண்டிய சின்னதா எடுத்து ஊத்துனா கரிப்பு போயிருமாலே? கொஞ்சமா கரிக்கும், அம்புட்டுதான்."

இப்படிப்பட்டவளைத்தான் நவ்ஷாத் கெடுத்தான்.

சில வருஷங்களுக்கு முன், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி அவன் படமெடுத்தான். இயக்கம், கேமரா இரண்டும் அவனே. ஜுவைரியா ஒலி. பாசி எடுக்கத் தடை வந்த நேரம். அதிகாரிகள் வந்த கூட்டத்தில் பிச்சையம்மாள் என்ற பெண் எழுந்து பேசினாள். பேச்சா அது! பந்தலே நடுங்கியது. அப்படி ஒரு பேச்சை மறுபடி பேசச்சொல்லி வாங்க முடியாது.

அப்போது ஜுவைரியாவின் மிக்ஸரில் தனியாகப் பதிவு செய்யும் வசதி இல்லை. மிக்ஸரிலிருந்து வயர் வழியாகக் கேமராவுக்குள் போய்த்தான் பதிவாகும். மிக்ஸரிலிருந்து வெளியே வருவது லைன் அளவு, பலமான ஒலி. மைக்கிலிருந்து நேராக வருவது அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. எது வருகிறது என்று கேமராவுக்குச் சொல்ல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். காலையில் அவள் பீப் ஒலி அனுப்பி, சுவிட்சை லைனில் வைத்து, இரண்டு பக்கமும் மீட்டர் சரிபார்த்துவிட்டுத்தான் போனாள். இடையில் நவ்ஷாத் தன் சின்ன மைக்கைக் கேமராவில் சொருகி ஏதோ எடுத்திருக்கிறான். அதற்காகச் சுவிட்சை மைக் பக்கம் தள்ளியவன், திருப்பித் தள்ள மறந்துவிட்டான். அவள் மிக்ஸரில் மீட்டர் பச்சையாகவே ஆடியது. கேமராவில் என்ன பதிவாகிறது என்று கேட்க அந்தக் கேமராவிலிருந்து திரும்ப வருகிற வயர் இல்லை. கூட்டம் முடிந்து போட்டுப் பார்த்தால் பிச்சையம்மாளின் பேச்சு முழுக்கக் கிழிந்து கிடந்தது.

அவள் ஓடிப்போய்க் கேமராவைப் பார்த்தாள். சுவிட்ச் மைக்கில் இருந்தது. "காக்கா, பாருங்க" என்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் பார்த்தான். மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் விரலால் அதை லைனுக்குத் தள்ளினான். பிறகு எல்லோர் முன்னாலும், "பிள்ள கெயினக் கண்டபடி ஏத்திட்டா. சின்னப்பிள்ள, விடுங்க" என்றான். அந்த 'விடுங்க'தான் அவளைக் கொன்றது. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். மன்னித்துவிட்டான் பாவி.

அதன்பின் அவளுக்குக் 'கிழிச்ச ஜுவைரியா' என்று பேர் விழுந்தது. தூத்துக்குடி வரைக்கும் பரவியது. வேலைக்குக் கூப்பிடுகிறவன் முதலில் ஒருதரம் சிரித்துவிட்டுத்தான் கூப்பிடுவான். அவள் எல்லா வேலைக்கும் போனாள், எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்தாள். பேர் மட்டும் போகவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எந்த வாய் அந்தப் பேரை வைத்ததோ, அந்த வாய் நாலு பேர் முன்னால் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். வாய்ப்பு வரும் என்று காத்திருந்தாள். வந்தது.

தொண்டிப் பக்கம் வருஷா வருஷம் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். போட்டிக் கமிட்டித் தலைவர் வாவு முகம்மது அதைப் படமாக எடுக்க ஆசைப்பட்டார். நவ்ஷாத்தை இயக்கச் சொன்னார். "சவுண்டுக்கு நம்ம ஊருப் பிள்ளயப் போடு" என்றும் சொல்லிவிட்டார். நவ்ஷாத்தால் மறுக்க முடியவில்லை.

படத்தின் நாயகன் ரிஃபாய், சுக்கான் பிடிக்கிறவன். அடுத்த வாரம் சவூதியின் தம்மாமுக்கு வேலைக்குக் கிளம்புகிறான். போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அவன் படகில் அவன் தம்பி அஃப்ரித்தும் உண்டு. ரிஃபாய் இடுப்பில் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரும் நெஞ்சில் சின்ன மைக்கும் மாட்டிவிட்டு, பின்னால் ஃபைபர் வள்ளத்தில் நவ்ஷாத்தும் ஜுவைரியாவும் கூடவே போவதாக ஏற்பாடு.

அந்த வருஷம்தான் அவள் புது ரெக்கார்டர் வாங்கியிருந்தாள். முப்பத்திரண்டு பிட் ஃப்ளோட். அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்குப் புதிது.

"பாண்டி அண்ணே, இருபத்திநாலு பிட்டுல பூஜ்யம்தான் கூரை. அதுக்கு மேல போனா வெட்டிரும், வெட்டுனது வராது. இதுல கூரையே கெடையாது. உள்ள ரெண்டு கன்வர்ட்டர் இருக்கு. ஒண்ணு மெதுவான சத்தத்துக்கு, ஒண்ணு பெரிய சத்தத்துக்கு. பூஜ்யத்தத் தாண்டுன எண்ணையும் ஃபைல்ல எழுதி வைக்கும். பொறவு லெவல எறக்குனா உச்சி அப்படியே திரும்ப வரும்."

மைக்கை வயரில் சொருகினாள். ரெக்கார்டரில் ஃபேடரை, ஒலியளவை ஏற்றி இறக்கும் பிடியை, முழுக்க ஏற்றினாள். "கத்துங்க" என்றாள். நான் கத்தினேன். மீட்டர் ரத்தச் சிவப்பு. கோப்பை என் கணினியில் திறந்தோம். அலை மேலும் கீழும் சுவரில் இடித்ததுபோல் தட்டையாக நின்றது. போட்டால் கரகரவென்று கிழிந்தது. பார்க்கிற எவனும் 'போச்சு' என்றுதான் சொல்வான். பிறகு அவள் லெவலை இறக்கினாள். தட்டையாக இருந்த இடமெல்லாம் உருண்டு திரண்டு உச்சியோடு வந்தது. என் கத்தல் அச்சு அசலாக ஒலித்தது.

"நவ்ஷாத் காக்காவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவனுக்கா? சிவப்பப் பாத்தாலே ஓலம் போடுவான்."

"அப்பச் சிவப்பாவே குடுத்துருவோம்."

நான் கைதட்டிச் சிரித்தேன். திட்டம் எளிது. ஃபேடரை ஏற்றிவைத்தே பதிவு செய்து, அப்படியே கோப்பைக் கொடுப்பது. அவன் தட்டையைப் பார்ப்பான். வழக்கம்போல் ஊரெல்லாம் சொல்வான். சொல்லி முடிக்கட்டும். கமிட்டி ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அவள் லெவலை இறக்கிக் காட்டுவாள். அவன் வாயாலேயே அவன் மாட்டுவான். அன்றைக்கும் இப்படித்தான் பொய் சொன்னான் என்று அவள் சொல்வாள். யார் நம்பமாட்டார்கள்?

போட்டிக்கு முந்தின நாள் ரிஃபாயின் மனைவி லாமியாவை வீட்டில் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். அவள் குரல் மிக மெல்லியது. தொட்டிலில் பிள்ளை தூங்குவதுபோலவே எப்போதும் பேசுவாள். அதனால் அவளுக்கு மாட்டிய அதே டிரான்ஸ்மிட்டரின் பக்கவாட்டில் இருக்கும் கெயின் குமிழை ஜுவைரியா நன்றாகவே ஏற்றிவைத்தாள். அது சரியான வேலைதான்.

மறுநாள் காலை கரையில் சனம். டிரான்ஸ்மிட்டரை ரிஃபாய்க்கு மாட்ட வேண்டும். சென்னையில் என்றால் அவளே மாட்டிவிடுவாள். சொந்த ஊரில், அத்தனை பேர் பார்க்க, அந்நிய ஆணின் சட்டைக்குள் கைவிட்டு மைக் மாட்டுவது ஆகாது. இங்கே எப்போதும் யாராவது ஆண்பிள்ளை மாட்டுவான், அவள் பக்கத்தில் நின்று சொல்லுவாள். அன்று நவ்ஷாத் மாட்டினான். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுற்றி இடுப்பில் கட்டினான். வழக்கமாக அவள் கேட்பது ஒன்று உண்டு: "கடலுக்குள்ள எப்படிக் கத்துவியளோ அப்படி ஒருதரம் கத்துங்க." கத்தும்போது டிரான்ஸ்மிட்டரில் சிவப்பு எரிந்தால் குமிழை இறக்கச் சொல்வாள். அன்று அதைக் கேட்கவில்லை. அவள் கவனமெல்லாம் தன் ரெக்கார்டரின் ஃபேடரில் இருந்தது. அதை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

போட்டி தொடங்கியது. கொண்டல், அதாவது கீழைக்காற்று. படகுகள் பாயை விரித்துப் பறந்தன. படகு சாயாமலிருக்க உள்ளே மணல் மூட்டைகள் உண்டு. ரிஃபாய் மெதுவாகத்தான் பேசினான். "மூட்டய இந்தப்பக்கம் மாத்து... பாயக் கொஞ்சம் எளக்கு..." கடலில் நட்டிருந்த கொடியைச் சுற்றித் திரும்பும்போது காற்று சட்டென்று பாயில் ஏறிப் படகு சாய்ந்தது. அஃப்ரித் தண்ணீருக்குள் விழுந்தான். பாய்க்கயிறு மட்டும் அவன் கையில். ரிஃபாய் கத்தினான்.

"அஃப்ரித்து! கயித்த விடாத! வாப்பா மேல சத்தியம், விட்டுறாதலே!"

பின்னால் வந்த வள்ளத்தில் ஜுவைரியாவின் கண் நிறைந்துவிட்டதாம். மீட்டர் முழுக்கச் சிவப்பு. காதில் கிழிசல். ஹெட்போனும் அந்தப் பேரொலியைத் தாங்காமல் கரகரக்கத்தானே செய்யும், கோப்பில் ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டாள். தம்பியை இழுத்து ஏற்றினார்கள். படகு இரண்டாவதாக வந்தது. நாலைந்து நாளில் ரிஃபாய் தம்மாம் போனான்.

நவ்ஷாத் நாங்கள் நினைத்ததைவிடச் சிறப்பாக நடந்துகொண்டான். கோப்பைத் திறந்த அன்றே வாட்ஸ்அப் குழுவில் தட்டை அலையைப் படம்பிடித்துப் போட்டான். 'மறுபடியும்' என்று ஒரே ஒரு சொல், பக்கத்தில் கைகூப்பிய பொம்மை. பழைய பேரை நாலு பேர் தூசிதட்டி எடுத்தார்கள். ஜுவைரியா எனக்கு மட்டும் அனுப்பினாள்: 'இன்னும் பேசட்டும் அண்ணே.' சனியன், நானும் அதை ருசித்து ருசித்துப் படித்தேன்.

ஹாலில் கமிட்டி கூடியது, அஸர் தொழுகைக்குப் பிறகு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். லாமியா பிள்ளையோடு முன்வரிசையில் இருந்தாள். தம்பி விழுந்த நேரத்தில் புருஷன் என்ன கத்தினான் என்று கேட்கவே வந்திருந்தாள். அவன் அதை அவளிடம் சொல்லாமலேயே விமானம் ஏறிவிட்டான். நவ்ஷாத் எழுந்து, படம் நன்றாக வந்திருக்கிறது, ஒலிதான் மொத்தமாகக் கிழிந்துவிட்டது, யாரையும் குறைசொல்ல விரும்பவில்லை என்று ஆரம்பித்தான். குறைசொல்ல விரும்பவில்லை என்று அவன் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும்.

"காக்கா முடிச்சிட்டாகளா?" என்று ஜுவைரியா எழுந்தாள். "பாண்டி அண்ணே, ஃபைலப் போடுங்க."

திரையில் தட்டை அலை. ஸ்பீக்கரில் கரகரப்பு. சனம் முகம் சுளித்தது. அவள் வந்து என் லேப்டாப்பில் லெவலை இறக்கினாள். திரையில் அலை உருண்டது. "மூட்டய இந்தப்பக்கம் மாத்து" என்று ரிஃபாயின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது. மூச்சுவாங்குவதுகூடக் கேட்டது. ஹாலில் "யா அல்லாஹ்" என்று யாரோ சொன்னார்கள். லாமியா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நவ்ஷாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்துப்போயிருந்தான். அந்த முகத்தைப் பார்க்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன்! ஜுவைரியாவும் அவனைப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"காக்காவுக்குச் சவுண்டப் பத்தி ஒண்ணும் தெரியாது. அன்னைக்கும் தெரியாது. இப்பக் கத்துற எடம் வருது, கேளுங்க" என்றாள்.

கத்துகிற இடம் வந்தது. "அஃப்ரித்து" என்பதில் பாதிதான் குரல். மிச்சம் தகரத்தைக் கல்லில் தேய்த்த சத்தம். நான் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லெவல் இறங்கியிருந்தது, பூஜ்யத்துக்குக் கீழே நல்ல இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிக்கு அடியில், கீழே, உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகக் கிடந்தது. இன்னும் இறக்கினேன். தட்டை இன்னும் கீழே வந்தது, அவ்வளவுதான்.

ரெக்கார்டரில் கிழியவில்லை. அங்கே கிழியவே முடியாது. ரெக்கார்டருக்கு வருவதற்கு முன்னாலேயே, ரிஃபாயின் இடுப்பில், டிரான்ஸ்மிட்டருக்குள் கிழிந்துவிட்டது. லாமியாவின் குரலுக்கு ஏற்றிவைத்த குமிழ் அப்படியே இருந்திருக்கிறது. கிழிந்து வந்ததை முப்பத்திரண்டு பிட் ரெக்கார்டர் மிக விசுவாசமாகப் பதிவு செய்து வைத்திருந்தது. சாதாரணமாக ஃபேடரை வைத்திருந்தால், மீட்டர் அடக்கமாக இருக்கும்போதே காதில் கிழிசல் கேட்டிருக்கும், கரையில் வழக்கம்போல் கத்தச் சொல்லியிருந்தால் அங்கேயே பிடித்திருப்பாள். அவளே எல்லாவற்றையும் சிவப்பாக்கி வைத்ததால் எது நிஜச் சிவப்பு என்று அவளுக்கே தெரியாமல் போனது. எங்கள் சோதனையிலும் வயர்லெஸ் இல்லை, வயரில் சொருகிய மைக்தான்.

இது அந்த ஹாலில் இரண்டு பேருக்குப் புரிந்தது. அவளுக்கும் எனக்கும்.

வாவு முகம்மது கேட்டார்: "மத்தது நல்லா இருக்கேம்மா, இது மட்டும் ஏன் இப்படி?"

ஜுவைரியா திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்: "அது இடுப்புல கட்டுற டப்பால நடந்திருக்கு, பெரியத்தா. அதுல ஒரு கெயின் குமிழ் இருக்கு. அத மாட்டுனது நான் இல்ல. நவ்ஷாத் காக்கா."

எல்லாத் தலையும் திரும்பியது. நவ்ஷாத் திக்கினான். "நான் உறையிலதான்... சுத்திக் கட்டும்போது... கை பட்டிருக்குமோ..."

"பாண்டி, நீ சொல்லுப்பா. குமிழ் ஏறிப்போனா இப்படி ஆகுமா?"

"ஆகும்" என்றேன். சொன்னது உண்மை. அதற்குமேல் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்வதில்லை. வருத்தமும் இல்லை. அவன் செய்ததற்கு இது கம்மி.

நவ்ஷாத் எழுந்து நின்றான். கமிட்டி முன்னால், பெண்கள் பக்கமும் திரும்பி, என் தப்புதான், கை பட்டிருக்கும், லாமியா மன்னிக்கணும் என்றான். லாமியா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். 'அஃப்ரித்து' என்கிற அந்தப் பாதிக் குரலையாவது தன் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

நாங்கள் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது நவ்ஷாத் வாசலில் வந்து நின்றான். இப்போது சண்டை வரும் என்று நினைத்தேன். வரட்டும் என்றுதான் இருந்தேன். அவன் கண் கலங்கியிருந்தது.

"ஜுவைரியா, தப்பு யாருக்கும் வரும்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது. அன்னைக்குப் பாசிப் படத்துல நீ கெயின ஏத்துனத நான் அம்புட்டுப் பெருசாப் பேசியிருக்கக் கூடாது. என் வாயாலதான் உனக்கு அந்தப் பேரு வந்துச்சு. அத நான் விட்டேன். நீயும் மனசுல வச்சுக்காத."

அவன் நடிக்கவில்லை. அவன் முகத்தை எனக்குத் தெரியும். நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி, சுவிட்சைத் தள்ளிய தன் விரலை அவனே மறந்துபோயிருந்தான். அவள் கெயினை ஏற்றிய கதைதான் அவனுக்கு நடந்த கதை. நான் பாய்ந்து ஏதோ சொல்லப்போனேன். ஜுவைரியா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சுவிட்சைப் பற்றி இன்றைக்கு அவள் வாய் திறந்தால், குமிழைப் பற்றியும் திறக்க வேண்டும்.

"சரி காக்கா" என்றாள். "நான் மன்னிச்சிட்டேன். நீங்களும் மன்னிச்சிருங்க."